பேசிக்கைக் குறைத்து நூறு திர்ஹம் கூட்டினால் யாருக்கு லாபம்?

கேள்வி: அபுதாபி முசாஃபாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். 2018 ஏப்ரல் 1-ம் தேதி சேர்ந்தேன். வந்தபோது பேசிக் 800. 2022-ல் 900 ஆனது. அலவன்ஸ் 700 சேர்த்து இப்போது மொத்தம் 1,600 திர்ஹம். காலை 6 மணிக்கு ஏறினால் மாலை 5 மணிக்குத்தான் இறங்குவேன், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஓ.டி.க்கு மாதம் 150 திர்ஹம், எத்தனை மணி நேரம் பார்த்தாலும் அதே 150. மாதத்தில் ஒரு லீவு நாளிலும் வரச் சொல்வார்கள், அதற்குத் தனியாக எதுவும் கிடையாது. கொரோனா சமயத்தில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் ஊரில் இருந்தேன். வரும் ஏப்ரலில் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். மொத்தம் 1,700 தருகிறோம் என்கிறார்கள், ஆனால் பேசிக் 700, அலவன்ஸ் 1,000 என்று எழுதியிருக்கிறார்கள். நான் 2026 செப்டம்பரோடு ஊருக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். நீயாக ராஜினாமா செய்தால் சர்வீஸ் பணம் பாதிதான் என்று ஆபீசில் சொல்கிறார்கள். எனக்கு என்ன வரவேண்டும்? கையெழுத்துப் போடலாமா?

பதில்: தம்பி, அந்தக் காகிதத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நூறு ரூபாய் நோட்டைக் காட்டி ஐந்நூறை உருவுகிற வேலை இது. கம்பெனி வேண்டுமென்றே செய்கிறதா, இல்லை எல்லோருக்கும் ஒரே அச்சில் போடுகிறதா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பல கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுத்தவன் என்ற முறையில், பேசிக்கை ஏன் குறைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஓ.டி., சர்வீஸ் பணம், எடுக்காத லீவுக்கான காசு ஆகிய மூன்றும் பேசிக்கை வைத்துத்தான் கணக்காகின்றன. அலவன்ஸ் எவ்வளவு ஏறினாலும் இந்த மூன்றும் அசையாது.

அமீரகத்தில் தனியார் வேலைகளுக்கு இப்போது நடப்பில் இருப்பது 2021-ம் ஆண்டின் 33-ம் எண் சட்டம். 2022 பிப்ரவரி 2-ம் தேதி முதல் அமலில் இருக்கிறது. துபாயின் டி.ஐ.எஃப்.சி., அபுதாபியின் ஏ.டி.ஜி.எம். என்ற இரண்டு நிதி மண்டலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் தனிச் சட்டம்தான். முசாஃபா கிடங்குக்கு இந்தப் பொதுச் சட்டமே பொருந்தும். பேசிக் என்றால் கான்ட்ராக்டில் எழுதப்பட்ட சம்பளம், அதில் எந்த அலவன்ஸும் சேராது என்று சட்டம் சொல்லிவிடுகிறது. ஆனால் மொத்தச் சம்பளத்தில் பேசிக் குறைந்தது இத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

சரி, முதலில் சர்வீஸ் பணம். ஒரு வருடம் முடித்த எவருக்கும் இது உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் பேசிக். முழு வருடம் ஆகாமல் மிச்சம் இருக்கும் மாதங்களுக்கும் அந்த விகிதப்படி கிடைக்கும். எல்லாம் சேர்த்து இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு உண்டு, நீங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை.

2018 ஏப்ரல் 1 முதல் 2026 செப்டம்பர் 30 வரை எட்டரை வருடம். இதில் சம்பளமில்லாமல் வேலைக்கு வராத நாட்கள் சர்வீஸில் சேராது என்பதால் கொரோனா கால மூன்று மாதத்தைக் கழித்துவிட வேண்டும். ஆக, எட்டேகால் வருடம். இங்கே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2020-ல் அமீரகத் தொழிலாளர் அமைச்சகம் போட்ட 279-ம் எண் ஆணை, கம்பெனிகள் ஆட்களைச் சம்பளத்தோடும் லீவில் அனுப்பலாம், தொழிலாளி சம்மதித்தால் சம்பளமில்லாமலும் அனுப்பலாம் என்றது. அந்த மூன்று மாதத்தில் முதல் மாதம் உங்கள் வருடாந்திர லீவில் கழிந்திருந்தால், அந்த ஒரு மாதம் சர்வீஸில் சேரும். அந்த நாளில் கையெழுத்துப் போட்ட தாளோ, வங்கிக் கணக்கில் அந்த மாதம் விழுந்த சம்பளமோ இருந்தால் எடுத்து வையுங்கள். நான் இப்போதைக்கு மூன்று மாதத்தையும் கழித்தே கணக்குப் போடுகிறேன்.

முதல் ஐந்து வருடத்துக்கு 105 நாள். அடுத்த மூன்றேகால் வருடத்துக்கு, வருடம் 30 நாள் வீதம், 97 நாளும் அரை நாளும். மொத்தம் 202.5 நாள். பேசிக் 900 என்றால் ஒரு நாளுக்கு 30 திர்ஹம். 202.5 நாளை 30-ஆல் பெருக்கினால் 6,075 திர்ஹம். நீங்கள் இப்போதுள்ள கான்ட்ராக்டின்படியே செப்டம்பர் வரை இருந்து கிளம்பினால் வரவேண்டிய தொகை இதுதான்.

கவனியுங்கள், நீங்கள் நான்கு வருடம் 800-க்கு வேலை பார்த்திருக்கிறீர்கள். அந்தக் காலத்துக்கு 800 வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சர்வீஸ் பணம் கடைசியாக வாங்கிய பேசிக்கை வைத்துத்தான், எட்டு வருடத்துக்கும் சேர்த்து. இந்த விதி உங்களுக்குச் சாதகமாக வேலை செய்கிறது. ஆனால் புதுக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்ட மறு நிமிடமே இதே விதி உங்களுக்கு எதிராகத் திரும்பும். கடைசி பேசிக் 700 ஆகிவிட்டால், 900-க்கு உழைத்த வருடங்களும் 700-க்கு இறங்கிவிடும். அதே 202.5 நாளுக்கு அப்போது வருவது 4,725 திர்ஹம். வித்தியாசம் 1,350.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் நூறு நூறாகக் கூட வாங்குவது 600. கடைசியில் இழப்பது 1,350. ஆக, கையை விட்டுப் போவது 750 திர்ஹம். நீங்கள் செப்டம்பரில் போகாமல் இன்னும் இருந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். ஏப்ரலிலிருந்து ஒன்றேகால் வருடம் இருந்தால் கூட வாங்கியதும் 1,500, குறைந்ததும் 1,500. அதற்கு மேல் இருந்தால்தான் அந்த நூறு லாபமாகத் தொடங்கும், அதுவும் ஓ.டி.யைக் கணக்கில் சேர்க்காமல். ஓ.டி.யும் பேசிக்கோடு சேர்ந்து இறங்கும் என்பதால் உண்மையில் இன்னும் பல மாதம் தள்ளும்.

ராஜினாமா செய்தால் பாதிதான் என்பது பழைய கதை. 1980-ம் ஆண்டின் சட்டம் இருந்தபோது, காலவரையில்லாத கான்ட்ராக்டில் இருந்த ஒருவர் தானாக விலகினால், ஒன்று முதல் மூன்று வருட சர்வீஸுக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு என்று வெட்டினார்கள். அந்தச் சட்டத்திலும் ஐந்து வருடம் தாண்டியவருக்கு முழுப் பணம்தான். இப்போதைய சட்டத்தில் அந்த வெட்டே கிடையாது. எப்படிப் பார்த்தாலும் எட்டு வருடம் முடித்த உங்களுக்கு இது பொருந்தாது. ரூமில் சவூதியிலிருந்து வந்தவர் யாராவது இருந்தால் அவர் சொல்வதும் இதோடு கலந்துவிடும். அங்கே ராஜினாமா செய்பவருக்கு இரண்டு முதல் ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்து முதல் பத்து வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு, பத்து வருடம் ஆனால் முழுசு. அவர் சொல்வது தப்பில்லை, ஊர்தான் வேறு.

ஆனால் ராஜினாமாவில் உண்மையாகவே காசு போகிற இடம் ஒன்று உண்டு. அது நோட்டீஸ். சட்டப்படி நோட்டீஸ் காலம் 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மிகாமலும் இருக்கும். உங்கள் கான்ட்ராக்டில் எத்தனை நாள் என்று பாருங்கள். 30 நாள் என்றால் செப்டம்பர் 30-ல் விலக ஆகஸ்ட் 31-க்குள் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது செல்லாது. நோட்டீஸ் கொடுக்காமல் கிளம்பினால் அந்தக் காலத்துச் சம்பளத்தை உங்களிடம் கேட்க கம்பெனிக்கு உரிமை உண்டு, அதுவும் பேசிக் இல்லை, முழுச் சம்பளம். ஈமெயிலில் அனுப்பி, பதில் வந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஓ.டி. இதில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 6 மணியிலிருந்து 5 மணி வரை பதினோரு மணி நேரம். சாப்பாட்டு நேரம் வேலை நேரத்தில் சேராது என்பதால் பத்து மணி நேரம். சாதாரண வேலை நேரம் நாளைக்கு எட்டு மணி. மீதி இரண்டு மணி நேரம் ஓ.டி. கேம்பிலிருந்து வண்டியில் வரும் நேரத்தைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பொதுவாகச் சேராது. கடும் வானிலையாலோ, கம்பெனி வண்டி விபத்தில் சிக்கியோ பழுதாகியோ நிற்கும்போதும், கான்ட்ராக்டிலேயே அப்படி ஒப்புக்கொண்டிருந்தாலும்தான் சேரும்.

ஒரு மணி நேர ஓ.டி.க்கு, பேசிக்கில் ஒரு மணி நேரத்துக்கு விழும் தொகையும் அதற்கு மேல் குறைந்தது 25 சதவீதமும். உங்கள் ஒரு நாள் பேசிக் 30 திர்ஹம், அதை எட்டால் வகுத்தால் 3.75. அதோடு 25 சதவீதம் சேர்த்தால் 4.69 திர்ஹம் சொச்சம். மாதம் 26 நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் 52 மணி நேரம். வரவேண்டியது 243 திர்ஹம் 75 ஃபில்ஸ். கொடுப்பது 150. மாதாமாதம் 93.75 குறைகிறது, வருடத்துக்கு 1,125. பேசிக் 700 ஆகிவிட்டால் இதே 52 மணி நேரத்துக்கு வரவேண்டியதே 190-க்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். மாதம் நூறு கூட்டித் தருகிறோம் என்பதில் ஐம்பத்து நான்கு திர்ஹம் இந்த வழியிலேயே திரும்பப் போகிறது.

அந்த 150-ஐக் கட்டாக ஓ.டி. பணம் என்று கொடுப்பதில் தவறு எதுவும் இல்லை, அது வரவேண்டியதை எட்டினால். எட்டாத மாதங்களில் மிச்சம் பாக்கிதான். எல்லாம் சேர்த்துத்தான் சம்பளம் பேசினோம் என்ற வாதம், சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போக உதவாது. சர்வீஸ் பணத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஓ.டி.க்கு அந்தந்த மாதத்தில் இருந்த பேசிக்தான் கணக்கு. 2021-ல் பார்த்த ஓ.டி.யை 900 வைத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால், எதிர்ப்பக்கம் உங்கள் கணக்கு மொத்தத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

லீவு நாளில் கூப்பிட்டால் வேறு ஒரு நாள் லீவு தர வேண்டும். இல்லையென்றால் அந்த நாளுக்கான சம்பளமும் அதோடு பேசிக்கில் குறைந்தது 50 சதவீதமும் தர வேண்டும். பேசிக்கை மட்டும் வைத்துப் பார்த்தாலே 30-ம் 15-ம் சேர்த்து 45 திர்ஹம். மாற்று லீவு கொடுத்துவிட்டால் பணம் கேட்க முடியாது. உங்களுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. இரவு 10 மணி முதல் காலை 4 மணிக்குள் ஓ.டி. பார்த்தால் 25-க்குப் பதில் 50 சதவீதம், ஆனால் ஷிஃப்டில் மாறி மாறி வருகிறவர்களுக்கு அது கிடையாது. நீங்கள் பகல் ஆள் என்பதால் விட்டுவிடலாம்.

ரம்ஜான் மாதத்தை மட்டும் விடாதீர்கள். அந்த மாதம் சாதாரண வேலை நேரம் நாளைக்கு இரண்டு மணி குறைந்து ஆறு மணி நேரமாகிறது. நோன்பு வைக்கிறவர்களுக்கு மட்டும் என்று பல இடங்களில் சொல்லிவிடுகிறார்கள், அப்படி இல்லை, எல்லா மதத்தினருக்கும்தான். நீங்கள் அந்த மாதமும் பத்து மணி நேரம் பார்த்திருந்தால் தினமும் நான்கு மணி நேரம் ஓ.டி. அதாவது 26 நாளுக்கு 487.50 திர்ஹம். அந்த மாதமும் 150-தான் வந்ததா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காதது என்று சொன்னேனே, அது இதுதான். ஓ.டி. நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மூன்று வாரத்தில் மொத்த வேலை நேரம் 144 மணியைத் தாண்டக் கூடாது என்று அதே இடத்தில் இன்னொரு வரி இருப்பது தெரியாது. வாரம் 48 என்றால் மூன்று வாரத்துக்கே 144 ஆகிவிடுகிறது. நீங்கள் வாரம் 60 மணி, மூன்று வாரத்தில் 180 மணி நேரம் பார்க்கிறீர்கள். ஓ.டி. என்பது ஒரு கன்டெய்னர் தாமதமாக வந்த நாளுக்கு. வருடம் முழுவதும் தினமும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதற்கு இல்லை. வரம்பு மீறி வேலை வாங்கினார்கள் என்பதால் உழைத்த நேரத்துக்கான பணம் இல்லாமல் போய்விடாது. ஆனால் புகார் என்று வந்தால் கம்பெனிக்கு இது கூடுதல் தலைவலி, அதனால் பேச்சுவார்த்தையில் உங்களுக்கு ஒரு பிடி.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும், உங்கள் வழக்கின் பலவீனமான இடமும் அதுதான். சர்வீஸ் பணத்துக்கு கான்ட்ராக்ட் ஒன்றே போதும், அமைச்சகத்தின் பதிவிலேயே இருக்கிறது. ஓ.டி.க்கு நீங்கள் நின்ற மணி நேரத்தைக் காட்டியாக வேண்டும். விரல் வைக்கும் மெஷினின் பதிவு கம்பெனியிடம் இருக்கும். ஆளின் கோப்பை அவர் விலகி இரண்டு வருடம் வரைக்கும் கம்பெனி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் கேட்டவுடன் எடுத்துத் தருவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் சூப்பர்வைசர் போடும் டியூட்டி பட்டியல், வண்டி எடுக்கும்போது கையெழுத்திடும் செக் ஷீட், லோடிங் ரசீதில் இருக்கும் நேரம் எல்லாம் உதவும். இன்றிலிருந்து ஒரு நோட்டில் தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம் மூன்றையும் எழுதி வாருங்கள். ஒரே நாளில் உட்கார்ந்து ஆறு மாதத்துக்கு எழுதிய நோட்டு பார்த்தவுடனே தெரிந்துவிடும், பேனா மை ஒரே நிறத்தில் இருக்கும். அன்றன்று எழுதுங்கள்.

இப்போது ஏப்ரல் விஷயத்துக்கு வருவோம். பேசிக்கைக் குறைக்க உங்கள் சம்மதம் வேண்டும். நீங்கள் மறுத்தால் கம்பெனி கான்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் விடலாம், அப்போது மார்ச்சோடு வேலை முடியும். அதையும் மனதில் வைத்துத்தான் பேச வேண்டும். மார்ச் 31-ல் முடிந்தால் சர்வீஸ் ஏழே முக்கால் வருடம், 187.5 நாள், 5,625 திர்ஹம். அதனால் முறைத்துக்கொள்ளாமல் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மொத்தம் 1,700 சரி, பேசிக் 900, அலவன்ஸ் 800 என்று எழுதுங்கள். இல்லையென்றால் பழைய 1,600-லேயே புதுப்பியுங்கள். செப்டம்பரில் போகிறவருக்கு இந்த இரண்டாவதுகூட அவர்கள் நீட்டும் 1,700-ஐ விட நல்லது.

மூன்றாவதாக ஒரு யோசனையை அவர்களே சொல்லலாம்: இதுவரை ஆன சர்வீஸ் பணத்தை 900 கணக்கில் இப்போதே கொடுத்துவிடுகிறோம், பிறகு புதுக் கணக்கு. கேட்க நன்றாக இருக்கும். 5,625 கைக்கு வந்துவிடும். ஆனால் ஏப்ரலிலிருந்து சர்வீஸ் புதிதாகத் தொடங்குகிறது என்று எழுதிவிட்டால், செப்டம்பரில் உங்களுக்கு ஆறு மாத சர்வீஸ்தான். ஒரு வருடம் ஆகாததற்கு சர்வீஸ் பணம் கிடையாது. சர்வீஸ் தொடர்கிறது, இது முன்பணமாகக் கொடுத்தது என்று எழுதினால் கடைசி ஆறு மாதத்துக்கு இன்னும் 15 நாள் பேசிக், 700 கணக்கில் 350 திர்ஹம், வரும். ஆனால் முன்பணம் என்ற சொல்லை வைத்து, கடைசியில் மொத்தத்தையும் 700-க்குக் கணக்குப் போட்டு அதிலிருந்து இதைக் கழிக்கவும் வழி இருக்கிறது. அதனால், 2026 மார்ச் 31 வரையிலான கணக்கு 900 பேசிக்கில் முடிந்தது, சர்வீஸ் தொடர்கிறது என்று இரண்டையும் எழுதி வாங்காமல் இதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கையெழுத்துக் கேட்டு வரும் தாள் எந்த மொழியில் இருக்கிறது என்றும் பாருங்கள். அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் வரவேண்டும், அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. தமிழில் கேளுங்கள். பேசிக், அலவன்ஸ் இரண்டும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். ஊரில் ஏஜென்ட் கொடுத்த தாளிலும் கம்பெனி லெட்டர்ஹெட்டிலும் என்ன எழுதியிருந்தாலும் கணக்குக்கு முதலில் எடுப்பது அமைச்சகத்தில் பதிவான கான்ட்ராக்டைத்தான். அதை `MOHRE` செயலியில் நீங்களே பார்க்கலாம். நீங்கள் சொல்லும் 900 அதிலும் 900-தானா என்று இன்றே திறந்து பார்த்துவிடுங்கள். 2022-ல் ஏறிய நூறு சம்பளச் சீட்டில் மட்டும் ஏறி கான்ட்ராக்டில் ஏறாமல் இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால், 900 பேசிக் என்று பிரித்துக் காட்டும் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள், எழுத்தில் கேட்டுத் திருத்த வையுங்கள்.

கிளம்பும் நாளில் மொத்தப் பாக்கியையும் வேலை முடிந்த தேதியிலிருந்து 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதில் சர்வீஸ் பணம், கடைசி மாதச் சம்பளம், பாக்கி ஓ.டி., எடுக்காத லீவு எல்லாம் அடக்கம். லீவுக்கும் பேசிக்தான் கணக்கு, 20 நாள் மிச்சம் இருந்தால் 600 திர்ஹம். விசா செலவு, ஆள் எடுத்த செலவு என்று அதில் பிடிக்கக் கூடாது, அவை கம்பெனியின் செலவு.

செட்டில்மென்ட் நாளில், கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. விசா கேன்சல் தாளை நீட்டுவார். எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது என்று அதில் ஒரு வரி இருக்கும். பணம் நாளைக்கு அக்கவுன்டில் விழும், இப்போது போடுங்கள், டிக்கெட் ரெடி என்பார். விழுந்ததைப் பார்த்த பிறகு போடுங்கள். அந்த ஒரு கையெழுத்துக்குப் பிறகு, வரவில்லை என்று நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில் விழும். தொகை குறைவாக இருந்தால், எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய தாளைக் கேட்டு வாங்குங்கள். 202.5 நாள், 30 திர்ஹம் என்ற இரண்டு எண்ணில் எது மாறியிருக்கிறது என்று பார்த்தாலே தவறு எங்கே என்று தெரிந்துவிடும்.

பேசித் தீரவில்லையென்றால் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். செயலியிலேயே கொடுக்கலாம், 80084 என்ற எண்ணிலும் சொல்லலாம். முதலில் இரு தரப்பையும் அழைத்து சமரசம் பேசுவார்கள். 50,000 திர்ஹத்துக்கு மேற்படாத வழக்குகளில், 2024 ஜனவரி முதல் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லி நிறைவேற்றவும் முடியும், உங்கள் தொகை அதற்குள்தான் வரும். ஒத்துக்கொள்ளாத தரப்பு நீதிமன்றம் போகலாம். 1,00,000 திர்ஹத்துக்கு உட்பட்ட வழக்குக்கு தொழிலாளி நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. முன்பு, பணம் வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்காவிட்டால் போச்சு. 2024 ஆகஸ்ட் 31 முதல், வேலை முடிந்த தேதியிலிருந்து இரண்டு வருடம் என்று மாற்றியிருக்கிறார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே ஓ.டி. பாக்கிக்காகச் சண்டை போட வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. செப்டம்பர் வரை ஆதாரத்தைச் சேர்த்துக்கொண்டு, செட்டில்மென்டில் சேர்த்தே கேட்கலாம்.

இரண்டு வருடம் இருக்கிறதே என்று ஊருக்குப் போய் நிதானமாகப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இங்கிருக்கும்போது செயலியில் பத்து நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு, ஊரிலிருந்து இங்கே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, அதற்குச் சான்று வாங்கி அனுப்பி என்று மாதக்கணக்கில் இழுக்கும். இங்குள்ள போன் நம்பர் போய்விட்டால் செயலிக்குள் நுழையும் குறியீடும் வராது. கான்ட்ராக்ட், சம்பளச் சீட்டுகள், வங்கி ஸ்டேட்மென்ட், நோட்டுப் பக்கங்களின் படங்கள் எல்லாவற்றையும் விசா கேன்சலுக்கு முன்பே உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். ஏப்ரல் தாளில் அவர்கள் என்ன திருத்தித் தருகிறார்கள் என்று தெரிந்ததும், கையெழுத்துக்கு முன் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.